நாலேகால் அடி மனிதர்கள்

கட்டடங்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இன்னும் கட்டாத வீட்டையும் கடையையும் பூங்காவையும், கட்டி முடித்து ஜனங்கள் புழங்குவது போலக் காட்ட வேண்டும். கையால் வரைந்த காலம் போய் இப்போது எல்லாம் 3டி. அதில் கட்டடம் எப்போதும் சரியாகத்தான் வரும். அளவு கொடுத்தால் மென்பொருள் அந்த அளவில்தான் நிற்கவைக்கும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் நுழைகிற இடம் ஒன்றுதான்: கடைசியில் ஒட்டுகிற மனிதர்கள். இதை நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் சிரித்துவிட்டு, "ஆளுங்கதானே சார், யார் பாக்கப்போறா" என்பார்கள். யாரும் ஆட்களைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆட்களை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை.

சில மாதங்களுக்கு முன் ஒரு படம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் உள்ள ஊர், புதிதாக வரப்போகிற சின்னப் பூங்கா. நடுவில் நாலு தூண் வைத்த ஒரு மண்டபம், மூன்று பக்கம் உட்காரத் திண்டு, கிழக்கே புல்தரை, சுற்றி நடைபாதை, பாதையோரம் விளக்குக் கம்பங்கள். சாயங்கால வெயில். வேறு ஓர் அலுவலகம் செய்த படம். ஒப்பந்தக்காரர் எனக்கு அனுப்பிவிட்டு, "எல்லாம் இருக்கு சார், ஆனா உயிர் இல்ல. கொஞ்சம் தட்டிக் குடுங்க" என்றார். நல்ல மனிதர், ஆனால் தட்டுவதற்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லமாட்டார்.

பார்த்தேன். அவர் சொன்னது சரி. நிறம் நன்றாக இருந்தது, புல் நன்றாக இருந்தது, தூணில் விழுந்த வெயிலுக்கு ஒரு மஞ்சள் பூச்சு கூட இருந்தது. ஆனால் முழுவதும் கொலுப்படியில் வைத்த பார்க் மாதிரி ஒரு பொம்மைத்தனம். ஒரு கம்பளிக் கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பெண் நாயோடு நடந்துகொண்டிருந்தாள், அது வழக்கமான கூத்து. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்கள் பெரும்பாலும் குளிர்தேசத்து ஆட்கள், செங்கல்பட்டு வெயிலிலும் மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார்கள். அவளை எடுத்துவிட்டு ஒரு சுடிதார்ப் பெண்ணை வைத்தேன். பொம்மைத்தனம் போகவில்லை. ராத்திரி சாப்பிடும்போதும் அதே நினைப்பு. என்ன தப்பு என்று தெரிந்தால் திருத்திவிடலாம், தப்பு இருப்பது மட்டும் தெரிவது பெரிய இம்சை.

ஸ்கேலை வைத்தபோது

மறுநாள் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, பென்சிலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் பார்த்தால் பெரிதாக்கிச் சின்னதாக்கிக் கண் ஏமாந்துபோகும். தாளில் அந்த வசதி இல்லை.

முதலில் கண்மட்டக் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மண்டபத்து மேடையின் விளிம்பு, திண்டின் விளிம்பு, கூரையின் கீழ் விளிம்பு எல்லாம் நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையானவை. படத்தில் அவற்றை நீட்டினால் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். மண்டபத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு புள்ளிகள். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அதுதான் கேமராவின் கண்மட்டம். அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை விளக்குக் கம்பம் சொல்லிவிட்டது. வரைபடத்தில் கம்பம் 15 அடி. படத்தில் பக்கத்தில் இருந்த கம்பத்தைக் கோடு அடியிலிருந்து சரியாக மூன்றில் ஒரு பங்கில் வெட்டியது. தூரத்தில் தீக்குச்சி போல நின்ற கம்பத்தையும் அதே மூன்றில் ஒரு பங்கில்தான் வெட்டியது. ஆக, கேமரா 5 அடி உயரத்தில் இருக்கிறது, அதாவது பாதையில் நிற்கிற ஒரு சாதாரண ஆளின் கண் உயரத்தில்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. நம் கண் 5 அடியில் இருந்தால், தரை சமமாக இருக்கும்வரை, 5 அடி உயரத்தில் இருக்கிற எதுவும் அந்தக் கோட்டின் மேல்தான் வரும், அது பத்தடி தூரத்தில் இருந்தாலும் சரி, இருநூறு அடி தூரத்தில் இருந்தாலும் சரி. ஆகவே சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய கண்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். தூரம் போகப்போகத் தலை கீழே இறங்குவதில்லை, கால்தான் மேலே ஏறுகிறது. ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று பார்த்தால் இது புரியும். எவ்வளவு பின்னால் நிற்பவரின் தலையும் நம் கண் மட்டத்தில்தான் தெரியும். இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435இல் ஓவியத்தைப் பற்றி எழுதியபோதே, இந்தக் கோட்டை மனித உயரத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். அப்போதுதான் பார்ப்பவனும் படத்தில் இருப்பவர்களும் ஒரே தரையில் நிற்பது போல இருக்கும் என்பது அவர் கணக்கு.

இப்போது ஆட்கள். மண்டபத்துக்கு முன்னால் பாதையில் ஒரு பெண். அவள் பாதத்திலிருந்து கோடு வரை அளந்தேன், 50 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 50 மி.மீ. என்றால் 5 அடி, ஆக ஒரு அடிக்கு 10 மி.மீ. அவள் மொத்த உயரம் 42 மி.மீ. என்றால் அவள் உயரம் நாலேகால் அடியைக்கூடத் தொடவில்லை. சரி, குள்ளமான பெண்ணாக இருக்கலாம். மண்டபத்துக்கு அப்பால் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட ஒரு ஆள், மீசையும் உண்டு. பாதத்திலிருந்து கோடு வரை 20 மி.மீ., ஆக அங்கே ஒரு அடிக்கு 4 மி.மீ. அவர் உயரம் 17 மி.மீ. சரியாக நாலேகால் அடி. அடுத்தவர், அவருக்கு அடுத்தவர், எல்லோரும் அதே நாலேகால். ஒருவர் தலையும் கோட்டைத் தொடவில்லை, எல்லோரும் கோட்டுக்குக் கீழே நீந்திக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தர் இரண்டு பேர் தப்பு என்றால் கவனக்குறைவு. எல்லோரும் ஒரே அளவுக்குத் தப்பு என்றால் யாரோ மொத்த ஆட்களையும் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் சின்னதாக்கியிருக்கிறார்கள். எதற்கு என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பார்ப்பவர் யாரும் அந்த ஆளை நாலேகால் அடி என்று எடுத்துக்கொள்ளமாட்டார். மீசை வைத்த ஆள், ஐந்தேகால் ஐந்தரை அடி இருப்பார் என்று மனசு தானாக வைத்துக்கொள்ளும். அவரை 5 அடி 4 அங்குலம் என்று வைத்தால், பக்கத்தில் இருக்கிற 9 அடித் தூண் 11 அடிக்கு மேல் வளர்ந்துவிடும். 14 அடிச் சதுர மண்டபம் பதினேழரை அடிச் சதுரம் ஆகிவிடும். 196 சதுர அடி இருந்த இடம் 300 சதுர அடியைத் தாண்டுகிறது. ஒரு செங்கல் கூடச் சேர்க்காமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் நூறு சதுர அடி கிடைத்துவிட்டது. அளவுக்கோட்டில் எதையும் மாற்றவில்லை, ஆகவே வரைபடத்தோடு ஒப்பிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மனிதர்களை மட்டும் சுருக்கியிருக்கிறார்கள்.

அது யார் யோசனை என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஏ3 தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பொம்மைத்தனம் எங்கிருந்து வந்தது என்பதும் அன்று தெரிந்தது: விளக்குக் கம்பமும் தூணும் ஒரு கண் உயரத்தைச் சொல்கின்றன, ஆட்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண் முரண்பாட்டைப் பிடித்துவிடுகிறது.

மேடை மேல் உட்கார்ந்தவர்

ஆட்களைச் சரியான உயரத்துக்கு இழுத்தேன். பாதையில் இருந்தவர்கள் உடனே தரையில் ஊன்றி நின்றார்கள். மண்டபத்துக்குள் இருந்தவர்களிடம்தான் மறுபடி சிக்கல். எல்லோர் கண்ணும் கோட்டில் என்ற விதி சமதரைக்கு மட்டும்தான். மண்டபத்து மேடை ஒன்றரை அடி. அங்கே நிற்பவரின் கண் தரையிலிருந்து ஆறரை அடியில் இருக்கும், அதாவது கோட்டுக்கு மேலே. பழைய படத்தில் அவர்களையும் பாதையில் இருப்பவர்களோடு ஒரே வரிசையில் வைத்திருந்ததால், மேடைக்குள் முழங்கால் வரை புதைந்தது போல இருந்தார்கள்.

உட்கார்ந்தவர்கள் கதை இன்னும் சுவாரசியம். திண்டின் உயரம் 18 அங்குலம். அதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் திண்டிலிருந்து கண் வரை ஏறக்குறைய இரண்டரை அடி. மொத்தம் 4 அடி. மேடையின் ஒன்றரை அடியைச் சேர்த்தால் ஐந்தரை. வெளியே பாதையில் நடந்துபோகிறவரின் கண் 5 அடி. ஆக, உள்ளே உட்கார்ந்திருக்கிற தாத்தா வெளியே நடக்கிற ஆளைவிட அரை அடி மேலிருந்து பார்க்கிறார். கழுத்தை நிமிர்த்தாமல், எழுந்திருக்காமல், போகிற வருகிற எல்லோரிடமும் முகம் பார்த்துப் பேசலாம். தெருவைப் பார்த்த திண்ணை இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மேடையைத் தரைமட்டத்துக்கு இறக்கினால் அதே தாத்தாவின் கண் நடப்பவரின் நெஞ்சுக்கு நேராக வந்துவிடும், பேச்சு நின்றுபோகும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்பதற்காக மேடையே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றரை அடிக்குச் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 18 அடி நீளம் போதும், பூங்காவில் அதற்கு இடமா இல்லை?

ஐந்து மணிக்கு நிழல் எங்கே

ஆட்கள் சரியானதும் வெயில் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஒரு பொய்யை எடுத்தால் அடுத்தது தலைநீட்டும்.

படத்தின் நிறம் சாயங்காலம். நிழல் நடுப்பகல். கூரைக்கு நேர் கீழே கருப்பாக, சதுரமாக ஒரு நிழல், அதில் எல்லோரும் குளுகுளு என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே மஞ்சள் வண்ணத்தைப் பூசிவிட்டுச் சாயங்காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மென்பொருளில் ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியனை அதுவே சரியான இடத்தில் வைக்கும். ஆனால் சூரியனைப் பிடித்துத் தனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தும் பழக்கம் எங்கள் தொழிலில் பலருக்கு உண்டு.

நான் மார்ச் 21 எடுத்துக்கொண்டேன். அன்று சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கில் மறையும், கணக்கு சுலபம். சென்னைப் பக்கத்தில் அன்று மாலை நாலரை மணிக்கு ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. ஐந்து மணிக்கு மூன்று மடங்கு. ஐந்தரைக்கு ஐந்து மடங்கு. இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஐந்து மணியை எடுப்போம். கூரையின் கீழ் விளிம்பு மேடையிலிருந்து 9 அடி, தரையிலிருந்து பத்தரை. தூணுக்கு வெளியே கூரை இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு விளிம்பின் நிழல் அங்கிருந்து முப்பத்தொன்றரை அடி கிழக்கே போய் விழும். மண்டபமே 14 அடிதான். அதாவது கூரையின் நிழல் கூரைக்குக் கீழே இல்லை. மண்டபத்தைத் தாண்டி, கிழக்கே சுமார் 15 அடி தள்ளிப் புல்தரையில் அது ஆரம்பிக்கிறது. மண்டபத்துக்குள் விழுவது தூண்களின் நீண்ட கோடுகள் மட்டும், மற்றபடி தரை முழுக்க வெயில்.

உள்ளே கிழக்குத் திண்டில், மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கூரை விளிம்பை உரசிக்கொண்டு வருகிற கதிர் பதினாறரை அடி பயணம் செய்வதற்குள் ஐந்தரை அடி இறங்கிவிடும். அவர் இருக்கும் இடத்தில் மேடையிலிருந்து மூன்றரை அடி உயரம் வரை வெயில். மடியிலும் மார்பிலும் வெயில், கழுத்துக்கு மேல் நிழல். கண் 4 அடியில் இருக்கிறது, மயிரிழையில் தப்பியிருக்கிறார். இன்னும் ஏழெட்டு நிமிடத்தில் வெயில் கண்ணுக்குள் வந்துவிடும். அப்போது அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும், எழுந்து போய்விடுவார். மேற்குத் திண்டில் உட்கார்ந்தால் முதுகு காயும். ஆக, ஜனங்கள் பூங்காவுக்கு வருகிற அதே நேரத்தில், நம்முடைய மண்டபத்தில் யாரும் உட்கார முடியாது. கூட்டம் மண்டபத்தின் நிழலைத் தேடிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே புல்லில் உட்கார்ந்திருக்கும்.

விளக்குக் கம்பத்தின் நிழலையும் சொல்லிவிட வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம் இது. 15 அடிக் கம்பத்துக்கு ஐந்து மணிக்கு 45 அடி நிழல். பழைய படத்தில் அடியிலிருந்து நுனி வரை ஒரே கருப்பில், கத்தியால் வெட்டியது போல விளிம்போடு இருந்தது. நிஜத்தில் அப்படி இருக்காது. சூரியன் ஒரு புள்ளி கிடையாது, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் ஒரு கம்பியின் முழு இருட்டு நிழல் அதன் தடிமனைப் போல நூற்றுச் சொச்சம் மடங்கு தூரத்துக்குத்தான் போகும், அதற்கப்பால் இருப்பது அரைநிழல் மட்டும். கம்பம் 3 அங்குலத் தடிமன் என்றால் முழு இருட்டு 27 அடி தூரத்தில் தீர்ந்துவிடும். ஐந்து மணிச் சாய்வில் தரையில் கணக்குப் பார்த்தால், கம்பத்தின் அடியிலிருந்து ஏறக்குறைய 25 அடி. அடியில் கருகருவென்று கூர்மையாகத் தொடங்கும் நிழல், போகப்போக விளிம்பு கலைந்து வெளிறி, கடைசி இருபது அடியில் புல்லின் நிறம் கொஞ்சம் மங்கியது போலத்தான் தெரியும். சாயங்காலம் ஏதாவது ஒரு கம்பத்தின் நிழலோடு நடந்து பாருங்கள், நுனி எங்கே முடிகிறது என்று காலால் காட்ட முடியாது.

யார் எங்கே உட்காருவார்

இனி ஆட்களின் இடைவெளி. பழைய படத்தில் சதுரங்கக் காய் போல ஒவ்வொருவரையும் தாளில் சம தூரத்தில் வைத்திருந்தார்கள். தாளில் சமம் என்றால் நிலத்தில் சமம் இல்லை. முன்னால் சொன்ன பெண்ணுக்கும் மீசைக்காரருக்கும் பாதத்துக்குப் பாதம் தாளில் 30 மி.மீ. உயர வித்தியாசம். பெண் கேமராவிலிருந்து 24 அடியில் நின்றால், அந்த ஆள் 60 அடியில் நிற்கிறார். நடுவில் 36 அடி. இன்னொரு 36 அடி தள்ளி, 96 அடியில் ஒருவரை நிறுத்தினால் தாளில் அவர் பாதம் ஏழரை மி.மீ. மட்டும்தான் மேலே ஏறும். ஆகவே படத்தின் பின்பக்கத்தில் ஆட்கள் நெருக்கியடித்து, ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு இருக்க வேண்டும். அங்கேயும் காற்றோட்டமாக வைத்தால் பூங்கா விமான ஓடுபாதை ஆகிவிடும்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது என்று ஒரு சாயங்காலம் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்தேன். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களில் மனிதர்கள் விட்டுக்கொள்ளும் இடைவெளியை அடிக்கணக்கில் பிரித்தார்: ஒன்றரை அடிக்குள் மிக நெருங்கியவர்கள், நாலடி வரை நண்பர்கள், பன்னிரண்டு அடி வரை சம்பிரதாயப் பழக்கம், அதற்கப்பால் பொது. அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மாறத்தான் செய்கிறது. நம் ஊரில் நண்பர்களான இரண்டு பையன்களுக்கு நடுவில் இடைவெளி என்று ஒன்று இல்லை, ஒருவன் கை மற்றவன் தோளில். ஒன்றாக நடக்கிற மூன்று மாமிகளில் இருவர் அருகருகே, மூன்றாமவர் பாதை போதாமல் அரையடி பின்னால், பேச்சை விடாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு. ஆனால் அந்நியர்கள் விஷயத்தில் ஹால் ஜெயித்துவிடுகிறார். பெஞ்சில் முதலில் வருபவர் ஒரு ஓரம், இரண்டாவது ஆள் மறு ஓரம், நடுவில் பை. மூன்றாவதாக வருபவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு நடந்துவிடுவார். வயதானவராக இருந்தால் மட்டும், "கொஞ்சம் தள்ளிக்கோப்பா" என்று உட்காருவார்.

இதை மண்டபத்துக்குக் கொண்டுவந்தால், மூன்று பக்கமும் தூண்களுக்கு நடுவில் 12 அடித் திண்டு. ஆளுக்கு 2 அடி என்று போட்டு 18 பேர் உட்காரலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தார்கள். நாலேகால் அடி ஆட்களை வைத்த படத்தில் 24 பேரையே உட்காரவைத்திருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாத ஜனம் என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், மிஞ்சிப்போனால் நாலு. ஒரு குடும்பம் வந்தால் ஒரே பக்கத்தில் ஆறு பேர் நெருக்கிக்கொள்வார்கள், அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போவார்கள். நான் 9 பேரை வைத்தேன். மற்றவர்களில் சிலரை மேடையின் படிகளிலும், பெரும்பாலோரைப் புல்தரையில் கூரை நிழல் விழும் பட்டையிலும் உட்காரவைத்தேன். திறந்த வெளியின் நட்ட நடுவில் யாரையும் நிறுத்தவில்லை, ஏனென்றால் யாரும் அங்கே நிற்பதில்லை. நிற்கிறவர்கள் கம்பத்தையோ தூணையோ மரத்தையோ ஒட்டி நிற்கிறார்கள்.

"மண்டபம் சின்னதாயிடுச்சே"

புதுப் படத்தை அனுப்பிய அன்றே ஒப்பந்தக்காரர் கூப்பிட்டுவிட்டார். "சார், உயிர் வந்துருச்சு. ஆனா மண்டபம் சின்னதாயிடுச்சே?" மண்டபத்தை நான் தொடவே இல்லை என்றேன். நம்பவில்லை. அப்புறம் ஊரில் காட்டும்போது ஒரு கவுன்சிலரும் இதையே கேட்டாராம். நல்லவேளை, பொறியாளர் இளைஞர், வரைபடத்தை விரித்துவைத்து அளவைக் காட்டிவிட்டு, "மண்டபம் அதேதாங்கய்யா, ஆளுங்கதான் வளந்துட்டாங்க" என்றிருக்கிறார். இதை அவரே எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு கோரிக்கையும் வந்தது, எப்போதும் வருவதுதான்: விளக்குகளை எரியவிடுங்கள். ஐந்து மணி வெயில் தரையில் பத்தாயிரம் லக்ஸுக்கு மேல் கொட்டிக்கொண்டிருக்கும்போது, பூங்கா விளக்கின் பத்து இருபது லக்ஸ் எந்த மூலைக்கு? எரிந்தாலும் தெரியாது. விளக்கும் வானமும் சேர்ந்து அழகாகத் தெரிவது சூரியன் மறைந்த பிறகு கால்மணி, இருபது நிமிடம். மார்ச்சில் ஆறு இருபதுக்கு மறைகிறதென்றால் ஆறரை மணிக்குத் தனியாக இன்னொரு படம் வேண்டும் என்றேன். தனிப்படம் என்றால் தனிக்காசு என்பதையும் சொன்னேன். விளக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

பொறியாளர்தான் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். மேற்கு வெயில் உள்ளே இப்படி வரும் என்று தெரியாது, அந்தப் பக்கம் கான்கிரீட் ஜாலி வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். நானும் முதலில் சரி என்று நினைத்தேன். ஆனால் 4 அங்குலத் துளை, 4 அங்குலக் கனம் உள்ள ஜாலியில், ஐந்து மணி வெயில் அந்தக் கனத்தைக் கடப்பதற்குள் ஒன்றேகால் ஒன்றரை அங்குலம்தான் இறங்குகிறது. துளையின் மேல்பகுதி வழியாக நுழைந்த வெளிச்சம் நேராக உள்ளே போய்விடும். ஒவ்வொரு துளையிலும் மூன்றில் இரண்டு பங்கு வெயில் தாண்டிவிடும், முகத்தில் கட்டம் கட்டமாக விழும். உச்சிவெயிலை மறைக்க ஜாலி நன்றாக உதவும், சாய்ந்த வெயிலுக்கு அது சல்லடை. மேற்கே புங்கை வைப்பதுதான் வழி. அது கூரை உயரத்துக்கு அடர்ந்து வர நாலைந்து வருடமாவது ஆகும்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டார். புல்தரையில் மண்டபத்துக்குக் கிழக்கே 20 அடியில் இரண்டு பெஞ்ச் போடச் சொன்னேன். மார்ச் மாதம் நாலரை மணிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரம் வரை கூரையின் நிழல் அங்கே இருக்கும், அப்புறம் அது பெஞ்சைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்துவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே ஒதுங்குவதால் நிழல் வடகிழக்காகப் போகும், அப்போது பெஞ்ச் வெயிலில் இருக்கும், ஆனால் அந்த மாதத்து வெயிலை யாரும் குறைசொல்வதில்லை. அவர் குறித்துக்கொண்டார். 18 பேர் என்று திட்ட அறிக்கையில் இருந்ததை மட்டும் மாற்ற முடியாது, அது ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது என்றார்.